பணம் போனது, ரசீது வரவில்லை: பள்ளிக் கட்டணக் கடிதம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் மெட்ரிக் பள்ளி அது. 2024-25 கல்வியாண்டின் முதல் பருவக் கட்டணத்தை ஜூன் 15-க்குள் பள்ளியின் கட்டணத் தளத்தில் கட்டும்படி பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போயிருந்தது. அதற்குப் பிறகு கட்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அலுவலகத்தில் ரொக்கம் வாங்குவதை முந்தைய ஆண்டே நிறுத்திவிட்டார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருவருக்குக் கட்ட வேண்டியது ₹18,650. கற்பிப்புக் கட்டணம் 12,400, பேருந்து 4,500, புத்தகம், நோட்டு 1,750. தந்தை தனியார் நிறுவன ஊழியர். பழைய வரி முறையில் இருப்பவர் என்பதால் வருமான வரியின் 80சி பிரிவில் கழிவு கேட்க அவருக்குப் பள்ளி ரசீது தேவைப்பட்டது.

ஜூன் 14 இரவு

வெள்ளிக்கிழமை இரவு 9.50-க்குத் தந்தை கைபேசியில் தளத்தைத் திறந்து, யுபிஐ வழியைத் தேர்ந்தெடுத்தார். யுபிஐ செயலி தானாகத் திறந்தது. பின் எண்ணைப் போட்டதும் சிறிது நேரம் சுற்றி, பிறகு பச்சைக் குறி காட்டியது. வங்கியிலிருந்து ₹18,650 பற்று வைத்த குறுஞ்செய்தியும் வந்தது. மறுபடி உலாவிக்குப் போனபோது பழைய பக்கம் இல்லை. புதிதாக உள்நுழைந்து பார்த்தால் கட்டணத்துக்கு நேரே `Pending` என்று இருந்தது. ரசீதைத் தரவிறக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை.

மறுநாள் கடைசி நாள். காலையிலும் தளம் நிலுவை என்றே காட்டியது. மீண்டும் ஒருமுறை கட்டிவிடலாம், முதல் பணம் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று தந்தை நினைத்தார். தாய் வேண்டாம் என்றார். கட்டவில்லை. இந்த விவகாரத்தில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான். தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணம் தானாகத் திரும்பும். வெற்றியடைந்து, பள்ளித் தளத்துக்கு மட்டும் செய்தி போய்ச் சேராத பரிவர்த்தனையின் பணம் அப்படித் திரும்பாது. எது நடந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் இரண்டாம் முறை கட்டினால், இரண்டு தொகையும் பள்ளிக்கே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. பிறகு ரசீதையும் கேட்க வேண்டும், கூடுதல் பணத்தையும் திருப்பிக் கேட்க வேண்டும்.

முதல் கடிதம்

16 ஞாயிறு, 17 பக்ரீத் விடுமுறை. 18-ஆம் தேதி செவ்வாயன்று தந்தை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, செயலியின் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து இணைத்து அலுவலகத்தில் கொடுத்தார். கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

> என் மகளுக்கான பள்ளிக் கட்டணத்தை 14-ஆம் தேதி ஆன்லைனில் செலுத்திவிட்டேன். பணம் என் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இதுவரை ரசீது வரவில்லை. தயவுசெய்து விரைவில் ரசீது வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையான கடிதம், சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எவராலும் எதையும் தேட முடியாது. மாணவியின் பெயர் உண்டு, சேர்க்கை எண் இல்லை. தொகை கடிதத்தில் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டும் மேல் பாதிதான்: பச்சைக் குறி, தொகை, நேரம். கீழே உருட்டினால் வரும் 12 இலக்க யுபிஐ எண் அதில் பதிவாகவில்லை. கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கவில்லை.

கணக்காளர் தன் வேலையைச் செய்தார். பள்ளியின் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, 14 முதல் 18 வரை 18,650 என்ற வரவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "எங்க அக்கவுண்டுக்குப் பணம் வரலைங்க சார், நீங்க பேங்க்ல கேளுங்க" என்றார். அன்று மதியமே தந்தை வங்கிக் கிளைக்குப் போனார். அவர்கள் கணினியில் பார்த்துவிட்டு, பரிவர்த்தனை வெற்றி, பணம் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது, பள்ளியில்தான் கேட்க வேண்டும் என்றார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்தது எப்படி

பணம் பெற்றோர் கணக்கிலிருந்து நேராகப் பள்ளிக் கணக்குக்குப் போவதில்லை. நடுவில் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்று இருக்கிறது. வங்கி "எதிர்த்தரப்பு" என்று சொன்னது அதைத்தான். அந்த நிறுவனம் ஒரு நாளில் அந்தப் பள்ளிக்காக வந்த எல்லாத் தொகைகளையும் சேர்த்து, கார்டு போன்ற வழிகளுக்கான சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரே வரவாகப் பள்ளிக் கணக்கில் போடும். செட்டில்மென்ட் எனப்படும் இதற்கு ஓரிரு வேலை நாள் ஆகும். வெள்ளி இரவு கட்டிய பணம், இடையில் வார இறுதியும் பக்ரீத்தும் வந்ததால் 19-ஆம் தேதி புதன்கிழமைதான் பள்ளிக் கணக்கைத் தொட்டது. அதுவும் 46 பெற்றோரின் பணத்தோடு சேர்ந்த ஒரே தொகையாக. ஆகவே 18-ஆம் தேதி தேடியபோது பணம் அங்கே இல்லை. மறுநாள் தேடியிருந்தாலும் 18,650 என்ற எண் ஸ்டேட்மென்ட்டில் தென்பட்டிருக்காது.

ரசீது வராததற்குக் காரணம் வேறு. பெற்றோர் பணம் கட்டப் பொத்தானை அழுத்தியதும் பள்ளியின் கட்டண மென்பொருள் ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கிக் கேட்வேயிடம் கொடுக்கிறது. பணம் வந்ததும் கேட்வே இரண்டு வழிகளில் பதில் சொல்லும். ஒன்று, பெற்றோரின் உலாவியையே பள்ளிப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பி, அதன் மூலம் தெரிவிப்பது. மற்றது, வெப்ஹூக் என்ற பெயரில் சர்வருக்குச் சர்வர் நேராக அனுப்பும் செய்தி. யுபிஐ செயலிக்கு மாறியபோது கைபேசி உலாவியின் பக்கத்தை மூடிவிட்டதால் முதல் வழி அடைபட்டது. பள்ளி மென்பொருளில் வெப்ஹூக்கை இணைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக, ஆர்டர் உருவான 15 நிமிடம் வரை மென்பொருள் தானே கேட்வேயைக் கேட்டுக்கொண்டிருக்கும்படி அமைத்திருந்தார்கள். கடைசித் தேதிக்கு முந்தைய இரவின் நெரிசலில் வங்கியின் உறுதிச்செய்தி கேட்வேக்கு வரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மென்பொருள் கேட்பதை நிறுத்திய பிறகு பதில் வந்தது. ஆர்டர் `Pending` என்றே நின்றுபோனது.

இது பின்னால் தெரிந்த விவரம். 18-ஆம் தேதி மாலை அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு இடங்களிலும் கையை விரித்துவிட்டார்கள் என்பதுதான்.

காத்திருந்த இரண்டு நாள்

அன்று இரவு தந்தை யுபிஐ செயலியில் புகார் பதிவு செய்து பணத்தைத் திரும்பக் கேட்க நினைத்தார். கல்லூரி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உறவினர் தடுத்தார். பணம் உண்மையில் பள்ளி பெயரில் சேர்ந்திருந்தால், வங்கி வழியாக மறுப்புக் கிளப்பும்போது அது பிடித்து வைக்கப்படலாம், திரும்பியும் வரலாம். அப்போது கட்டணம் நிஜமாகவே நிலுவையாகி, தாமதக் கட்டணமும் ஏறும். பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை, திரும்பக் கேட்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு என்றார்.

அவரே ஒரு கணக்கும் சொன்னார். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, வணிகரிடத்தில் உறுதி கிடைக்காமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இவை விடுமுறையும் சேர்ந்த நாட்காட்டி நாட்கள். 14-லிருந்து ஐந்து நாள் என்றால் 19. அன்று நள்ளிரவு வரை பணம் திரும்பவில்லை என்றால், அது கேட்வேயில் வெற்றி என்று பதிவாகிப் பள்ளிக்காகவே நிற்கிறது என்று ஊகிக்கலாம். அறுதியான சான்று இல்லை, ஆனால் கடிதம் எழுதப் போதுமான அடிப்படை.

19 இரவு வரை பணம் திரும்பவில்லை. இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருந்தது: தளத்தில் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாயாக ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கடிதத்திலேயே எதிர்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

எண்களைத் திரட்டியது

ஒரே கட்டணத்துக்கு மூன்று எண்கள் இருந்தன. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து கீழே உருட்டியதும் 12 இலக்க எண் கிடைத்தது. செயலிக்குச் செயலி அது `UTR` என்றோ `UPI Ref No` என்றோ இருக்கும். அதே எண் வங்கி ஸ்டேட்மென்ட்டின் அந்த வரியிலும் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார்கள். பள்ளித் தளத்தின் ஆர்டர் எண், செயலியில் குறிப்பு என்ற இடத்தில் ஒட்டியிருந்தது. மூன்றாவது சேர்க்கை எண், போன ஆண்டு ரசீதிலிருந்து எடுத்தார்கள். செயலியே கொடுத்திருந்த நீளமான இன்னோர் அடையாளக் குறியை விட்டுவிட்டார்கள். அது அந்தச் செயலிக்கு உள்ளே மட்டும் பயன்படுவது, பள்ளியில் எந்தத் திரையிலும் தேட முடியாது. பலரும் அதைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலாக வங்கியின் பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை 14 முதல் 19 வரைக்கும் எடுத்தார்கள். பற்று வைத்த வரியும் அதில் தெரியும், பணம் திரும்பவில்லை என்பதும் அதே தாளில் தெரியும். மற்ற வரவு செலவுகளையும், கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மீதியையும் பேனாவால் அடித்து மறைத்த பிறகே நகலெடுத்தார்கள்.

இரண்டாம் கடிதம்

ஜூன் 20 வியாழக்கிழமை கொடுத்த கடிதம் இது. பெயர்களும் எண்களும் நீக்கப்பட்டுள்ளன.

> அனுப்புநர்: (தந்தை பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: முதல்வர் அவர்கள், (பள்ளி). நகல்: கணக்குப் பிரிவு
>
> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> பொருள்: வகுப்பு 6 ஆ, சேர்க்கை எண் (…), முதல் பருவக் கட்டணம் ₹18,650, 14.06.2024 அன்று இணையவழி செலுத்தியது, ரசீது வேண்டுதல் தொடர்பாக.
>
> பார்வை: எனது 18.06.2024 நாளிட்ட கடிதம்.
>
> என் மகள் (பெயர்) தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய முதல் பருவக் கட்டணம் ₹18,650-ஐ 14.06.2024 இரவு 9.50 மணிக்குப் பள்ளியின் கட்டணத் தளம் வழியாக யுபிஐயில் செலுத்தினேன். ஆர்டர் எண்: (…). யுபிஐ எண், 12 இலக்கம்: (…). செலுத்திய வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம்: (…).
>
> தொகை என் கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளது. 19.06.2024 இரவு வரை திரும்ப வரவில்லை. அதற்கான வங்கி ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். தளத்தில் இன்னும் நிலுவை என்றே உள்ளது. நான் இரண்டாம் முறை செலுத்தவில்லை.
>
> கேட்வே நிறுவனம் பல பெற்றோரின் தொகையைச் சேர்த்து ஒரே வரவாகச் செலுத்துவதால், பள்ளியின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இந்தத் தொகை தனியாகத் தெரியாமல் இருக்கலாம். மேற்கண்ட யுபிஐ எண்ணைக் கொண்டு கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் தேடிப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> பணம் வந்திருப்பது உறுதியானால், செலுத்திய நாள் 14.06.2024 என்று குறித்து, கற்பிப்பு, பேருந்து, புத்தகக் கட்டணங்களைத் தனித்தனியே காட்டி ரசீது வழங்க வேண்டுகிறேன். கடைசி நாளுக்கு முன்பே செலுத்தியதால் தாமதக் கட்டணத்தை நீக்கவும் வேண்டுகிறேன். பணம் வரவில்லை என்பது உறுதியானால், அதை ஒரு வரியில் எழுத்தாகத் தந்தால் வங்கியில் புகார் செய்ய உதவும்.
>
> 27.06.2024-க்குள் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> இணைப்பு: வங்கி ஸ்டேட்மென்ட், 1 தாள்.

இரண்டு படிகள் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார்.

கடிதத்தின் எடை முழுவதும் கேட்வே பக்கத்தில் தேடச் சொன்ன பத்தியில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுத்திருந்தால், கணக்காளர் மறுபடி ஸ்டேட்மென்ட்டைப் புரட்டி, மறுபடி இல்லை என்று சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்வதாகத் தோன்றாமல், ஏன் தெரியவில்லை என்ற காரணத்தோடு சேர்த்துச் சொன்னதால் அது எடுபட்டது. பணம் வரவில்லை என்றால் எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் முக்கியம். வாய்வார்த்தையாக இல்லை என்பது எளிது. எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றால் எவரும் இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த எழுத்து கையில் இருந்தால் வங்கியும் "பள்ளியில் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது.

பின்னர் நடந்தது

21-ஆம் தேதி காலை கணக்காளர் கேட்வேயின் பக்கத்தைத் திறந்து யுபிஐ எண்ணைப் போட்டார். வெற்றி என்று இருந்தது. 19-ஆம் தேதிச் செட்டில்மென்ட்டில் சேர்ந்திருப்பதும், அந்தத் தொகுப்பின் எண்ணும் அங்கேயே இருந்தன. தொகுப்பின் மொத்தத் தொகை வங்கி வரவோடு பொருந்தியது. கட்டண மென்பொருள் நிறுவனத்துக்கு ஆர்டர் எண்ணைத் தெரிவித்தார். அவர்கள் நிலையைப் புதுப்பித்ததும் மாலைக்குள் ரசீது உருவாகி, பெற்றோரின் கைபேசிக்கு வந்தது.

அந்த ரசீது தவறாக இருந்தது. தேதி 21.06.2024. புதுப்பித்த நாளையே மென்பொருள் செலுத்திய நாளாக எடுத்துக்கொண்டது. அதனால் 16 முதல் 21 வரை ஆறு நாளுக்கு 300 ரூபாய் தாமதக் கட்டணம் நிலுவையாக நின்றது. மூன்று தலைப்புகளும் சேர்ந்து பள்ளிக் கட்டணம் ₹18,650 என்று ஒரே வரி. வருமான வரிக் கழிவு கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும் உண்டு, பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கிடையாது. ஒரே வரி ரசீதை நிறுவனம் ஏற்காமல் போகலாம், ஏற்றுக்கொண்டால் 12,400-க்குப் பதில் 18,650 கணக்கில் ஏறிப் பின்னால் சிக்கலாகும்.

தந்தை முத்திரை பெற்ற படியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போனார். மூன்றும் கடிதத்திலேயே கேட்கப்பட்டிருந்ததால் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்காளர் பழைய ரசீதை ரத்து செய்து, கேட்வே காட்டிய 14.06.2024 தேதியில், தலைப்புவாரியாகப் புதிய ரசீது கொடுத்தார். தாமதக் கட்டணத்தை நீக்க முதல்வரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அது மறுநாள் நடந்தது.

அதே வாரம் கணக்காளர், கேட்வேயில் வெற்றி என்றும் பள்ளி மென்பொருளில் நிலுவை என்றும் இருந்த ஆர்டர்களை வரிசையாக ஒப்பிட்டார். மேலும் ஏழு கிடைத்தன. அவற்றில் இரண்டு பெற்றோர் பயந்துபோய் மறுநாளே மீண்டும் கட்டியிருந்தார்கள். ஒருவருக்குக் கேட்வே வழியாகவே, பணம் புறப்பட்ட அதே கணக்குக்குத் திருப்பினார்கள். மற்றவர் இரண்டாம் பருவத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதித்து, அதை எழுத்தாக வாங்கிக்கொண்டார். ஏழு பேரில் எவரும் அதுவரை கடிதம் கொடுத்திருக்கவில்லை. தளத்தில் நிலுவை என்று பார்த்தவர்கள், பள்ளியே சரிசெய்துவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

பெற்றோர் பக்கத்தில், முதல் கடிதத்தையே இரண்டாம் கடிதம் போல எழுதியிருக்கலாம். எண்கள் எல்லாம் 14 இரவே செயலியிலும் பழைய ரசீதிலும் இருந்தன. கடைசி நாளான 15 அன்றே, பணம் கட்டியாயிற்று, நிலை தெரியவில்லை என்று இந்த எண்களோடு பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால், தாமதக் கட்டணத்துக்கான பேச்சே எழுந்திருக்காது. ஐந்து நாள் முடிந்த பிறகு முழுக் கடிதம் கொடுத்தால் போதும். வங்கிக் கிளைக்குப் போனபோதும் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், பரிவர்த்தனை வெற்றி என்பதை எழுதி வாங்கியிருக்கலாம்.

அந்த வாரம் தந்தை செய்யாமல் தவிர்த்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பேமென்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைக்கவில்லை. அப்படிக் கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்களுடையவை கலந்திருக்கின்றன. பணத்தைத் திருப்புகிறோம் என்று சொல்லி பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் பெற யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

பள்ளி 27-க்குள் பதில் தராமல் இருந்திருந்தால் இரண்டு வழிகள் இருந்தன. ரசீது தர மறுப்பது பள்ளி சார்ந்த புகார், அது மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். பணமே எங்கும் சேராமல் நின்றிருந்தால் அது வங்கி சார்ந்த புகார். முதலில் வங்கியில் எழுத்தாகக் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம். இந்த நிகழ்வில் பணம் பள்ளிக் கணக்கில் இருந்ததால், அங்கே போயிருந்தால் புகார் நிற்காது. நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் அதே காரணத்தால் பொருந்தாது.

பள்ளி பக்கத்தில் நான்கு மாற்றங்கள் நடந்தன. மென்பொருள் நிறுவனம் வெப்ஹூக்கை இணைத்தது. நிலை தெரியாத ஆர்டர்களை 15 நிமிடத்தோடு விடாமல் மூன்று நாள் வரை கேட்கும்படியும் மாற்றியது. கணக்காளர் ஒவ்வொரு வேலை நாளும் முந்தைய செட்டில்மென்ட் பட்டியலை மென்பொருளின் நிலுவைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். 46 வரி உள்ள ஒரு பட்டியலுக்கு இருபது நிமிடம் ஆகிறது. அலுவலக ஜன்னலில் பெற்றோருக்கான ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்: சேர்க்கை எண், ஆர்டர் எண், 12 இலக்க யுபிஐ எண், செலுத்திய நாள், மீண்டும் செலுத்தினீர்களா.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. மென்பொருள் இன்னும் நிலையைப் புதுப்பித்த நாளையே ரசீதில் அச்சிடுகிறது. ஒவ்வொரு முறையும் கணக்காளர் கையால் திருத்துகிறார். இரண்டாம் பருவக் கட்டணத்தின்போது இப்படி மூன்று ரசீதுகளைத் திருத்த வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்றை அவர் கவனிக்கவில்லை, பெற்றோர்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.